ஒரே கம்பி, ஒரே சுமை, இரண்டு தகைவுகள்: கழுத்து விழுந்த பின் இழுவிசைச் சோதனை எண்களைப் படிப்பது

இழுவிசைச் சோதனை முடிந்ததும் கைக்கு வருவது இரண்டே வரிசை எண்கள்தான்: சுமை, நீட்சி. இவற்றிலிருந்து மெய்த் தகைவையும் மெய்த் திரிபையும் கணக்கிட எல்லாப் பாடப்புத்தகத்திலும் இரண்டு சூத்திரங்கள் உண்டு. அவற்றை விரிதாளில் முதல் வரியில் எழுதி, கடைசி வரி வரை இழுத்துவிடுவது நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். அந்தப் பழக்கம் எந்த வரியில் பொய்யாகிறது, அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்போம்.

மாதிரி இதுதான்: பதப்படுத்தி மென்மையாக்கிய குறைந்த கார்பன் எஃகில் கடைந்த உருளைக் கம்பி. தொடக்க விட்டம் 12.5 மிமீ, கேஜ் நீளம் 50 மிமீ, குறுக்குவெட்டுப் பரப்பு 122.7 சதுர மிமீ. நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர், கம்பி உடையும் வரை மாட்டியே இருந்தது. கூடவே கம்பியின் மிக ஒல்லியான இடத்தின் விட்டமும் அவ்வப்போது அளக்கப்பட்டது. எண்கள் இந்த விளக்கத்துக்காக அமைத்தவை. ஆனால் இந்த வகை எஃகு நடந்துகொள்ளும் விதத்தை ஒட்டியே அமைத்திருக்கிறேன்.

| சுமை (கிலோநியூட்டன்) | கேஜ் நீளம் (மிமீ) | மிகக் குறைந்த விட்டம் (மிமீ) |
|---|---|---|
| 37.29 | 52.50 | 12.20 |
| 41.24 | 55.00 | 11.92 |
| 43.60 | 60.00 | 11.41 |
| 43.76 | 62.30 | 11.20 |
| 43.22 | 64.25 | 10.00 |
| 38.27 | 67.00 | 8.60 |
| 32.85 | 69.00 | 7.50 |

நான்காவது வரி உச்சச் சுமை. கடைசி வரி உடைவதற்குச் சற்று முந்தைய நிலை.

விரிதாள் சொன்ன கதை

முதலில் வழக்கமான கணக்கு. பொறியியல் தகைவு `s` என்பது சுமையைத் தொடக்கப் பரப்பால் வகுத்தது. பொறியியல் திரிபு `e` என்பது நீட்சியைத் தொடக்க நீளத்தால் வகுத்தது. அதிலிருந்து மெய்யளவுகள்:

```
σ = s (1 + e)
ε = ln(1 + e)
```

இதை ஏழு வரிகளுக்கும் போட்டால் மெய்த் தகைவு முறையே 319, 370, 426, 444, 453, 418, 369 மெகாபாஸ்கல் என்று வருகிறது. ஏறுகிறது, உச்சச் சுமையைத் தாண்டியும் கொஞ்சம் ஏறுகிறது, அப்புறம் சரசரவென்று இறங்குகிறது. உடையும் தருணத்தில் மெய்த் திரிபு 0.32.

இந்த வரைபடத்தை அப்படியே நம்பினால், இந்த எஃகு 450 மெகாபாஸ்கலை எட்டியதும் மென்மையாகத் தொடங்குகிறது என்றுதான் பொருள். அறை வெப்பநிலையில், மெதுவாக இழுக்கப்படும் சாதாரண எஃகு அப்படி மென்மையாவதற்கு எந்தக் காரணமும் இல்லை. உருக்குலையக் குலைய அதன் உள்ளே இடப்பெயர்வுகள் பெருகிச் சிக்கிக்கொள்கின்றன, அது இறுகிக்கொண்டேதான் போகும். இறங்கும் மெய்த் தகைவு வளைகோட்டைப் பார்த்ததும் பொருளைச் சந்தேகப்படுவதற்கு முன் கணக்கைச் சந்தேகப்படுவது நல்லது.

இந்த வளைகோட்டை யாராவது கணினி உருவகப்படுத்தலுக்கு உள்ளீடாகக் கொடுத்தால் விளைவு இன்னும் மோசம். மென்மையாகும் பொருள் என்று நிரல் எடுத்துக்கொள்ளும். உருக்குலைவு ஒரே ஓர் அடுக்குக் கண்ணிகளில் போய்க் குவியும். கண்ணியின் அளவை மாற்றினால் விடையும் மாறும். பாகம் நிஜத்தில் தாங்குவதற்கு வெகு முன்பே கிழிந்துவிடும் என்று திரை காட்டும்.

விட்டம் என்ன சொல்கிறது

அந்த இரண்டு சூத்திரங்களுக்குப் பின்னால் இரண்டு அனுமானங்கள் உள்ளன. ஒன்று, நெகிழாத உருக்குலைவில் பொருளின் கனஅளவு மாறாது. இரண்டு, கேஜ் நீளம் முழுவதும் ஒரே சீராக நீள்கிறது. முதல் அனுமானம் உலோகத்துக்கு இழுவையின் பெரும்பகுதியில் நன்றாகவே பொருந்தும். கவிழ்வது இரண்டாவதுதான்.

சோதித்துப் பார்ப்பது எளிது. சீராக நீள்கிறது என்றால் விட்டம் `d0/√(1+e)` ஆக இருக்க வேண்டும். இரண்டாம் வரியில் `e` = 0.10, எனவே எதிர்பார்க்கும் விட்டம் 11.92 மிமீ. அளந்ததும் அதுவே. மூன்றாம் வரியில் எதிர்பார்ப்பது 11.41, அளந்தது 11.41. உச்சச் சுமையிலும் பொருந்துகிறது. ஐந்தாம் வரிக்கு வாருங்கள்: எதிர்பார்ப்பது 11.03, அளந்தது 10.00. ஒரு மில்லிமீட்டர் காணாமல் போய்விட்டது. கடைசி வரியில் எதிர்பார்ப்பது 10.64, அளந்தது 7.50. கம்பி ஓரிடத்தில் மட்டும் ஒல்லியாகி, அங்கே கழுத்து விழுந்திருக்கிறது.

சரி, அப்படியானால் நீளத்தை விட்டுவிட்டு விட்டத்திலிருந்தே நேரடியாகக் கணக்கிடுவோம். கனஅளவு மாறாததால் அந்த ஒல்லியான வெட்டில் உள்ள மெய்த் திரிபை விட்டமே தந்துவிடும்:

```
σ = 4F / (π d²)
ε = 2 ln(d0 / d)
```

முதல் நான்கு வரிகளில் எதுவும் மாறவில்லை, அதே எண்கள்தான். கடைசி மூன்று வரிகள்தான் வேறு கதை சொல்கின்றன. திரிபு 0.45, 0.75, 1.02. தகைவு 550, 659, 744 மெகாபாஸ்கல். சுமை நான்கில் ஒரு பங்கு குறைந்த நிலையிலும், அந்த வெட்டில் தகைவு ஏறிக்கொண்டேதான் போயிருக்கிறது. நீட்சியை வைத்துச் சொன்ன 369-க்கும் விட்டத்தை வைத்துச் சொல்லும் 744-க்கும் இடையே இரு மடங்கு வித்தியாசம். திரிபில் மூன்று மடங்குக்கும் மேல்.

இப்போது கழுத்தை விட்டுத் தள்ளி, கேஜ் நீளத்தின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே விட்டம் 11.20 மிமீ-யில் நின்றுவிட்டது. உச்சச் சுமைக்குப் பிறகு அந்தப் பகுதி நீளவே இல்லை. பரப்பு 98.5 சதுர மிமீ. கடைசித் தருணத்தில் அதே 32.85 கிலோநியூட்டன் சுமைதான் அங்கேயும் ஓடுகிறது. எனவே அங்கே மெய்த் தகைவு 334 மெகாபாஸ்கல். உச்சத்தில் 444 ஆக இருந்தது இறங்கியிருக்கிறது. அந்தப் பகுதி நெகிழ்வு நிலையில் சுமை தளர்ந்து வருகிறது.

ஆக ஒரே கம்பி, ஒரே தருணம், ஒரே சுமை. கழுத்தில் 744, ஓரத்தில் 334. இரண்டுமே மெய்த் தகைவுகள், அவரவர் வெட்டுக்கு. விரிதாள் தந்த 369 இந்தக் கம்பியின் எந்த முக்கியமான இடத்துக்கும் உரியதல்ல. நீள்வதை நிறுத்திவிட்ட பெரும்பகுதியையும் வேகமாக நீளும் சிறுபகுதியையும் கலந்து எடுத்த சராசரி நீட்சியை ஒரு சீரான கம்பியின் நீட்சி என்று நினைத்துக்கொண்டதால் பிறந்த எண் அது.

இதே கலப்படம்தான் உடையும் நீட்சி சதவீதத்திலும் ஒளிந்திருக்கிறது. உச்சச் சுமை வரை 50 மிமீ 62.3 ஆனது, அதாவது 24.6 சதவீதச் சீரான நீட்சி. அதன் பிறகு கழுத்து மட்டும் சேர்த்தது 6.7 மிமீ. மொத்தம் 38 சதவீதம். இதே கம்பியில் கழுத்தை முழுதாக உள்ளடக்கிய 25 மிமீ கேஜ் குறித்திருந்தால் அதே 6.7 மிமீ பாதி நீளத்தில் பகிரப்பட்டு 51 சதவீதம் வந்திருக்கும். 100 மிமீ ஆக இருந்தால் 31. எஃகு ஒன்றே, எண்தான் மாறுகிறது. கேஜ் நீளம் சொல்லாத நீட்சி சதவீதத்தை நான் ஒருபோதும் ஒப்பிட எடுத்துக்கொள்வதில்லை. பரப்புக் குறைவு சதவீதத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது: இங்கே 64, எந்தக் கேஜ் நீளமானாலும் 64.

ஏன் சரியாக உச்சச் சுமையில்?

கழுத்து ஏன் அந்த இடத்தில், அந்தத் தருணத்தில் விழ வேண்டும்? 1885-இல் பிரெஞ்சுப் பொறியாளர் கோன்சிதேர் சொன்ன வாதம் இன்றும் போதும். கம்பி நீளும்போது இரண்டு விஷயங்கள் போட்டி போடுகின்றன. பொருள் இறுகுவதால் தகைவு தாங்கும் திறன் கூடுகிறது, பரப்பு சுருங்குவதால் சுமை தாங்கும் திறன் குறைகிறது. மெய்த் திரிபு 0.01 கூடினால் பரப்பு 1 சதவீதம் குறையும். அதை ஈடுகட்டத் தகைவும் 1 சதவீதமாவது கூட வேண்டும்.

நம் எஃகின் இறுக்கத்தை `σ = K εⁿ` என்ற வடிவத்தில் எழுதலாம். இங்கே `n` = 0.22, `K` = 620 மெகாபாஸ்கல். இந்த `n` எங்கிருந்து வந்தது? மடக்கை அச்சுகளில் முதல் மற்றும் மூன்றாம் வரிப் புள்ளிகளுக்கு இடையிலான சாய்வு அது. தகைவு 319-லிருந்து 426-க்கும், திரிபு 0.0488-லிருந்து 0.182-க்கும் போகிறது. மடக்கைகளின் வித்தியாசங்களை வகுத்தால் 0.22 வரும்.

இந்த விதியின்படி, திரிபு 0.01 கூடும்போது தகைவு கூடும் சதவீதம் `n/ε`. திரிபு 0.095-இல் அது 2.3 சதவீதம், பரப்பு இழப்பைவிட இரு மடங்குக்கும் மேல். கம்பியில் எங்காவது கடைசலில் கொஞ்சம் ஒல்லியாகிவிட்ட இடம் இருந்தாலும் கவலையில்லை. அந்த இடம் முதலில் நீளும், உடனே இறுகும், சுமையை அக்கம்பக்கத்துக்குத் தள்ளிவிடும். திரிபு 0.22-ஐ எட்டும்போது கூடுதல் சரியாக 1 சதவீதம், போட்டி சமன். திரிபு 0.30-இல் 0.73 சதவீதம்தான். இப்போது ஒல்லியான இடம் நீண்டால் அது இன்னும் பலவீனமாகிறது, பலவீனமானதால் இன்னும் நீள்கிறது. மற்ற இடங்களுக்கு வரும் சுமை குறைவதால் அவை அப்படியே நின்றுவிடுகின்றன.

கணிதமாகச் சொன்னால் `dF = 0` என்ற நிலை `dσ/dε = σ` என்று மாறுகிறது. `σ = K εⁿ` விதியில் அது `ε = n` என்று முடிகிறது. நம் அட்டவணையில் உச்சச் சுமைக்குரிய திரிபு ln(1.246) = 0.22. இறுக்கச் சாய்விலிருந்து வந்த `n`-உம் 0.22. இரண்டும் தனித்தனி வழியில் வந்து பொருந்துவது நல்ல சரிபார்ப்பு. நிஜத் தரவில் இரண்டாம் தசம இடத்தில் சற்று விலகும். ஏனெனில் உச்சத்தை ஒட்டிச் சுமைக்கோடு தட்டையாக இருக்கும், உச்சம் எந்த நீட்சியில் வந்தது என்று துல்லியமாகச் சொல்வது கடினம். வெகுவாக விலகினால், `n` பொருத்தும்போது உச்சத்துக்குப் பிந்தைய புள்ளிகளும் உள்ளே வந்துவிட்டனவா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

எக்ஸ்டென்சோமீட்டர் பதிவே இல்லாவிட்டாலும் இந்தச் சீரான திரிபைப் பிடிக்க ஒரு வழி உண்டு. உடைந்த துண்டைக் கையில் எடுத்து, கழுத்திலிருந்தும் பிடிமானத் தோளிலிருந்தும் தள்ளி விட்டத்தை அளந்தால் போதும். அங்கே 11.2 மிமீ இருந்தால் 2 ln(12.5/11.2) = 0.22. உச்சத் தருணத்தின் திரிபு அந்தத் துண்டிலேயே உறைந்து கிடக்கிறது.

744 கூட முழு உண்மை அல்ல

இத்தோடு நிறுத்தினால் இன்னொரு பிழையில் போய் விழுவோம். கழுத்து விழுந்த பின் அந்த வெட்டில் சராசரி அச்சுத் தகைவு 744 என்பது சரியான அளவுதான். ஆனால் அந்தத் திரிபில் பொருள் தன்னளவில் விளையத் தேவையான ஓரச்சுத் தகைவு அது அல்ல.

காரணம் வடிவம். நேரான கம்பியில் இழுவை விசைக் கோடுகள் நேராகப் போகும். கழுத்தில் அவை உள்நோக்கி வளைந்து மீண்டும் விரிகின்றன. இழுக்கப்பட்ட நிலையில் உள்ள வளைந்த இழைகள் நிமிரப் பார்க்கும், அதாவது வெளிப்புறம் நகரப் பார்க்கும். அவற்றைப் பிடித்துவைக்க மையத்தில் ஆரத் திசையிலும் சுற்றுத் திசையிலும் இழுதகைவு உருவாகிறது. எல்லாப் பக்கமும் இழுக்கப்படும் பொருள் அவ்வளவு எளிதில் விளையாது, ஏனெனில் விளைவதைத் தீர்மானிப்பது திசைகளுக்கு இடையிலான தகைவு வித்தியாசம். அதனால் அச்சுத் தகைவு வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறினால்தான் பொருள் நீளும். அந்தக் கூடுதலும் நம் 744-இல் சேர்ந்திருக்கிறது.

இதைக் கழிக்க இன்றும் அதிகம் பயன்படுவது பிரிட்ஜ்மேன் திருத்தம். உயர் அழுத்த இயற்பியலுக்காக 1946-இல் நோபல் பரிசு பெற்ற அதே பெர்சி பிரிட்ஜ்மேன்தான். கழுத்து வெட்டின் ஆரம் `a`, கழுத்தின் பக்கத் தோற்ற வளைவின் ஆரம் `R` என்றால் சராசரித் தகைவை வகுக்க வேண்டிய எண்:

```
B = (1 + 2R/a) · ln(1 + a/(2R))
```

நம் கம்பியில் உடையும் தருணத்தில் `a` = 3.75 மிமீ, பக்கத் தோற்றப் படத்தில் அளந்த `R` = 4.25 மிமீ. `B` 1.19 வருகிறது. 744-ஐ அதனால் வகுத்தால் சுமார் 623 மெகாபாஸ்கல். ஆறாம் வரியில் `R` 7.4 மிமீ, திருத்திய தகைவு 582. ஐந்தாம் வரியில் கழுத்து இன்னும் ஆழமாகவில்லை, `R` ஏறக்குறைய 20 மிமீ, திருத்தம் 6 சதவீதம்தான்: 550 என்பது 519 ஆகிறது. திருத்திய இந்த மூன்று புள்ளிகளும் `620 ε^0.22` கோட்டின் மேலேயே உட்காருகின்றன. எண்களை அப்படி அமைத்ததால் இவ்வளவு துல்லியமாக உட்காருகின்றன. நிஜ எஃகுகளில் பெரிய திரிபுகளில் அடுக்கு விதி கொஞ்சம் அதிகமாகவே சொல்லும், அளந்த புள்ளிகள் கோட்டுக்குக் கீழே சரியத் தொடங்கும். அதனால்தான் சீரான பகுதியில் பொருத்திய கோட்டை அப்படியே நீட்டிவிடாமல், கழுத்தில் அளந்த ஓரிரு புள்ளிகளையாவது வைத்துக்கொள்வது அவசியம்.

மையத்தில் உள்ள அந்த முத்திசை இழுவைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உள்ளே இருக்கும் துகள்களைச் சுற்றி நுண்துளைகள் திறந்து வளர அதுவே சாதகம். அதனால் கம்பி மேற்பரப்பிலிருந்து கிழியாமல் மையத்தில் பிளந்து, ஓரத்தில் சறுக்கி, கிண்ணமும் கூம்புமாக முடிகிறது. துளைகள் பெருகியபின் கனஅளவு மாறாது என்ற முதல் அனுமானமும் ஆட்டம் காணும். உடையும் திரிபு 1.02 என்ற எண்ணைக் கடைசித் தசமம் வரை நம்ப வேண்டாம் என்பது இதனால்தான்.

அளவெடுப்பில் சறுக்கும் இடங்கள்

கழுத்தின் விட்டத்தைச் சாதாரண மைக்ரோமீட்டரால் அளந்தால் அதன் தட்டை முகங்கள் கழுத்தின் உட்குழிவுக்குள் இறங்காது. இருபுறத் தோள்களில் தட்டி நின்றுவிடும், விட்டம் பெரிதாகக் காட்டும், தகைவு குறைவாகவும் திரிபு குறைவாகவும் வரும். கூர்முனை மைக்ரோமீட்டர் வேண்டும். அல்லது பின்னால் விளக்கு வைத்து நிழலுருவைப் படமெடுக்க வேண்டும். படம் எடுத்தால் `R`-உம் கூடவே கிடைத்துவிடும், அது பெரிய லாபம். உருட்டிய தகட்டிலிருந்து கடைந்த கம்பி என்றால் கழுத்து முட்டை வடிவமாகலாம். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு விட்டங்களை எடுத்துப் பெருக்குத்தொகையிலிருந்து பரப்பைக் கணக்கிடுங்கள்.

கழுத்து எக்ஸ்டென்சோமீட்டரின் கத்தி முனைகளுக்கு வெளியே விழுந்துவிட்டால் பதிவே காட்டிக்கொடுக்கும்: உச்சத்துக்குப் பிறகு சுமை குறையும்போது நீட்சி கூடாமல் நிற்கும், அல்லது ஒரு துளி சுருங்கும். அது சுமை தளர்ந்த ஓரப் பகுதியின் நெகிழ்வு மீட்சி. அந்தச் சோதனையில் உச்சச் சுமை வரையிலான எண்கள் செல்லும், அதற்குப் பிந்தைய நீட்சி எதற்கும் உதவாது.

கணினிக்குக் கொடுக்கும் தாளை நான் இப்படித்தான் தயாரிப்பேன்: உச்சச் சுமை வரை நீட்சிச் சூத்திரங்கள், அத்துடன் அவற்றுக்கு வேலை முடிந்தது. அதற்குப் பிறகு விட்டத்திலிருந்து வந்து பிரிட்ஜ்மேனால் திருத்திய புள்ளிகள், இடைவெளியை நிரப்ப அவற்றின் வழியே போகும் மென்மையான கோடு. பிறகு அதே கம்பியையே உருவகப்படுத்தி, சுமை–நீட்சிக் கோடு அளந்ததோடு உச்சத்துக்குப் பின்னும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. 64.25 மிமீ நீளத்தில் 43.2 கிலோநியூட்டனும், 69 மிமீ-யில் 33-ஐ ஒட்டியும் வந்தால் தாள் சரி.

தட்டையான தகட்டு மாதிரிகளுக்கு இந்த வழி முழுதாகச் செல்லாது. அங்கே முதலில் அகலத்தில் பரவலான ஒரு கழுத்து விழுகிறது. அதற்குள்ளேயே, இழுவை அச்சுக்கு ஏறத்தாழ 55 பாகை சாய்ந்து, தகட்டின் தடிமன் அளவே அகலமுள்ள இரண்டாவது குறுகிய கழுத்து விழுகிறது. அளக்க ஒற்றை விட்டம் என்று ஒன்று கிடையாது, உருளைக் கழுத்துக்காக வருவித்த பிரிட்ஜ்மேன் சூத்திரமும் பொருந்தாது. அங்கே மேற்பரப்பில் புள்ளிக்கோலம் தெளித்துக் கேமராவால் திரிபைப் பின்தொடர்வதும், உருவகப்படுத்தலைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சுமைக் கோட்டோடு பொருத்துவதும்தான் வழி.